சர்வே முடிச்சிட்டு பேட்டியா, ரெண்டும் ஒண்ணாவா?

தீசிஸுக்கு சர்வேயும் பேட்டியும் சேத்து பண்ற மிக்ஸ்டு மெத்தட்ஸ் எடுக்கட்டுமான்னு நீ கேட்ட, அப்பா வேற ஆறு மாசத்துல ரெண்டு வேலை ஆகுமான்னு பயப்படுறாரு. பாரும்மா, சர்வே மட்டும் பண்ணா எது விட்டுப்போகும், பேட்டி மட்டும் எடுத்தா எது விட்டுப்போகும், இந்த ரெண்டுக்கும் உன் தலைப்ப வச்சு பதில் சொல்ல முடிஞ்சா எடு. வைவால முதல்ல இதத்தான் கேப்பாங்க, "ரெண்டும் இருந்தா ஸ்ட்ராங்கா இருக்கும்"னு சொன்னா அங்க செல்லாது.

உன் தலைப்பையே எடுத்துக்கலாம், காலேஜ் முடிஞ்சு சாயங்காலம் நடக்குற ப்ளேஸ்மென்ட் ட்ரெய்னிங்குக்கு பசங்க ஏன் ஒழுங்கா வர்றதில்ல. ஃபைனல் இயர்ல 200 பேருக்கு சர்வே குடுக்குற, வீடு எவ்ளோ தூரம், எத்தன கிளாஸ் வந்தாங்கன்னு கேக்குற. கும்மிடிப்பூண்டி, செங்கல்பட்டுலேர்ந்து ட்ரெயின் ஏறி வர்றவங்கதான் கட் அடிப்பாங்கன்னு நீ நினைச்சிருப்ப. ஆனா டேட்டாவ போட்டு பாத்தா தலைகீழா வருதுன்னு வச்சிக்கோ, தூரத்துலேர்ந்து வர்றவங்க ரெகுலர், பக்கத்துல இருக்குறவங்கதான் காணோம். நம்பர் இதுவரைக்கும்தான் சொல்லும், ஏன்னு சொல்லாது.

எக்ஸ்ப்ளனேட்டரி சீக்வென்ஷியல் டிசைன் இந்த இடத்துக்குன்னே இருக்குறது. சர்வே ரிசல்ட் கையில வந்த அப்புறம்தான் யார்கிட்ட பேசுறது, என்ன கேக்குறதுன்னு முடிவு பண்ணுவ. அந்த 200 பேர்லயே வீடு பக்கத்துல இருந்தும் வராதவங்க ஒரு ஏழெட்டு பேர், ஒப்பிட்டு பாக்க தூரத்துலேர்ந்து ஒழுங்கா வந்தவங்க ரெண்டு மூணு பேர். கேள்வியும் "ட்ரெய்னிங் எப்படி இருந்துச்சு"ன்னு பொத்தாம்பொதுவா இருக்காது, "காலேஜ் விட்டதும் ஏழு மணி வரைக்கும் எங்க இருப்ப"ன்னு நேரா அந்த முடிச்சுக்கே போகும். ஒருத்தன் தி.நகர் துணிக்கடையில பார்ட் டைம் பண்றேன், வீடு கிட்ட இருக்குறதாலதான் அஞ்சு மணிக்கு போய் நிக்க முடியுதுன்னு சொல்லலாம். தூரத்துலேர்ந்து வர்ற பொண்ணு, பார்ட் டைமுக்கு நேரமே இல்ல, எப்படியும் கூட்டம் குறைஞ்சுதான் ட்ரெயின் ஏறுவேன், அதுவரைக்கும் கிளாஸ்ல உக்காந்துடுவேன்னு சொல்லலாம். அப்போதான் அந்த நம்பருக்கு அர்த்தம் கிடைக்குது. இங்க நிறைய பேர் கோட்டை விடுறாங்க, சர்வே ஒரு பக்கம் போட்டுட்டு கேன்டீன்ல கைக்கு கிடைச்ச நாலு பேர்கிட்ட வேற எதையோ பேசி ஒட்டிடுறாங்க. பேட்டி கேள்விகள்ல எது எந்த சர்வே ரிசல்ட்லேர்ந்து வந்துச்சுன்னு உன்னால காட்ட முடியலன்னா நீயும் அதத்தான் பண்ணியிருக்கன்னு அர்த்தம்.

கன்வெர்ஜென்ட் டிசைன்னு இன்னொரு வழி இருக்கு, அதுல ஒண்ணு இன்னொண்ணுக்காக காத்திருக்காது. ஒரே சமயத்துல சர்வேயும் போகும் பேட்டியும் நடக்கும், ரெண்டுலயும் அதே விஷயங்கள கேக்கணும், பயணம், காசு, ட்ரெய்னர், தன்னம்பிக்கைன்னு. தனித்தனியா அனலைஸ் பண்ணிட்டு அப்புறம் ஒரு டேபிள்ல பக்கத்துல பக்கத்துல வைக்கணும், அதுக்கு ஜாயின்ட் டிஸ்ப்ளேன்னு பேரு. எங்க ஒத்துப்போகுது, எங்க முட்டுதுன்னு அதுல பாப்ப. நேரம் மிச்சம், ஆனா வீடு பக்கத்துல இருக்குறவங்க வரலங்குற அந்த புதிர் உனக்கு தெரியறப்போ பேட்டியெல்லாம் முடிஞ்சிருக்கும்.

முட்டுச்சுன்னா ஒண்ண மறைச்சிடாத. சர்வேல ட்ரெய்னருக்கு நல்ல மார்க், பேட்டில ஒரே புலம்பல்னா, முதல்ல ரெண்டுலயும் கேட்டது ஒரே விஷயம்தானான்னு பாரு, அடுத்து ஃபார்ம குடுத்தது யாரு, அந்த ட்ரெய்னரே நின்னு வாங்கினாரான்னு பாரு. அதையும் சேத்து எழுதணும், தேவைப்பட்டா இன்னும் ரெண்டு பேர்கிட்ட பேசணும்.

இப்போ அப்பாவோட கேள்விக்கு வரேன். டிசம்பர்ல சர்வே, ஜனவரில அனாலிசிஸ், பிப்ரவரில பேட்டின்னு போக முடிஞ்சா எக்ஸ்ப்ளனேட்டரி தான் உன் தலைப்புக்கு சரி, ஏன்னா நீ கேக்குறதே "ஏன்"னு. சர்வேயே பிப்ரவரிக்கு தள்ளிப்போச்சுன்னா கன்வெர்ஜென்ட் எடு, எக்ஸாம் முடிஞ்சா ஃபைனல் இயர் பசங்கள புடிக்கவே முடியாது.

எக்ஸ்ப்ளனேட்டரின்னு முடிவானா இப்பவே ரெண்டு காரியம். ப்ரொபோசல்ல பேட்டி கேள்விகள் தற்காலிகம், சர்வே ரிசல்ட் வந்ததும் மாறும்னு எழுதிடு, மாத்தின கேள்விகள திரும்ப காட்டணுமான்னு எதிக்ஸ் கமிட்டிகிட்ட முன்னாடியே கேளு. சர்வே ஃபார்ம் கடைசில "அடுத்து பேச கூப்பிடலாமா"ன்னு ஒரு கேள்வியும், சம்மதிக்கிறவங்க ஃபோன் நம்பர் எழுத இடமும் வை. பேர் போடாம வாங்கிட்டா அந்த 200 பேர்ல யார் அந்த ஏழெட்டு பேருன்னு உன்னால கண்டுபிடிக்கவே முடியாது.