யார்டு குளத்து நேரத்தை மீட்டருக்கு மாற்றுவது எப்படி?

"என் மகள் 25 யார்டு குளத்தில் 100 யார்டு ஃப்ரீஸ்டைலை 58.00 விநாடியில் நீந்தினாள். இப்போது 25 மீட்டர் குளத்தில் 100 மீட்டருக்கு 1:04.10 ஆகிறது. கணக்குப் போட்டால் 1:03.43 தான் வர வேண்டும். வேகம் குறைந்துவிட்டதா?"

குறையவில்லை. நீங்கள் போட்ட கணக்கில் தவறில்லை, ஆனால் அது தூரத்தை மட்டும்தான் பார்க்கிறது.

ஒரு யார்டு 0.9144 மீட்டர். அதனால் 25 யார்டு குளத்தின் நீளம் 22.86 மீட்டர்தான். நீங்கள் 58.00-ஐ 0.9144-ஆல் வகுத்து 63.43 விநாடி கண்டிருக்கிறீர்கள். (சிலர் வகுப்பதற்குப் பதில் பெருக்கிவிடுவார்கள். மீட்டர் நேரம் யார்டு நேரத்தைவிடக் குறைவாக வந்தால் அந்தத் தவறுதான்.) இந்த வகுத்தல், கூடுதல் தூரத்தையும் அவள் அதே சராசரி வேகத்தில் கடப்பாள் என்று எடுத்துக்கொள்கிறது. சிக்கல் அங்கேதான்.

நீச்சலில் வேகம் ஒரே சீராக இருப்பதில்லை. சுவரை உதைத்துக் கிளம்பும்போதுதான் அதிக வேகம். மேலே வந்து கை வீசத் தொடங்கியதும் அது குறைந்துவிடும். மீட்டர் குளத்தில் ஒவ்வொரு நீளத்துக்கும் கூடும் 2.14 மீட்டர், முழுக்க இந்த மெதுவான நடுப்பகுதியில்தான் சேருகிறது. டர்ன்கள் இரண்டு குளத்திலும் மூன்றேதான். உதைத்துக் கிளம்பும் வாய்ப்பு கூடவில்லை. அதனால்தான் பயிற்சியாளர்கள் பலர், 0.9144-ஆல் வகுப்பதற்குச் சமமான 1.094-க்குப் பதில் 1.11-ஆல் பெருக்குகிறார்கள். அப்படிப் பார்த்தால் 64.38 வரும்.

ஆனால் 1.11 எல்லோருக்குமான பொது எண். உங்கள் மகளுக்கென்றே ஒரு கணக்கு வேண்டுமென்றால், அவள் போட்டி வேகத்தில் நீந்தும்போது குளத்தின் நடுவே 10 மீட்டரைக் கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். சுவரிலிருந்து 10 மீட்டர், 20 மீட்டர் இரண்டிலும் அடையாளம் வைத்து, தலை கடக்கும்போது ஸ்டாப்வாட்சை அழுத்தினால் போதும். 10 மீட்டர் அடையாளத்துக்கு முன்பே அவள் நீருக்கு மேலே வந்திருக்க வேண்டும். மூன்று முறை எடுத்துச் சராசரி போடுங்கள். 7.3 விநாடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு நீளத்துக்கும் கூடுதல் தூரம் 8.56 மீட்டர். ஒரு மீட்டருக்கு 0.73 விநாடி என்றால் 6.25 விநாடி கூடும். 58.00 + 6.25 = 64.25, அதாவது 1:04.25.

அவளுடைய 1:04.10 அதற்குச் சற்றே கீழே இருக்கிறது. இதை வைத்து முன்னேற்றம் என்று சொல்ல மாட்டேன். ஸ்டாப்வாட்சில் 0.1 விநாடி பிசகினாலே விடையில் ஏறக்குறைய 0.09 மாறிவிடும். அதே தரத்தில் நீந்துகிறாள், அவ்வளவுதான்.

அப்புறம், 50 மீட்டர் குளத்துக்கு இந்த வழி செல்லாது. அங்கே 100 மீட்டருக்கு ஒரே டர்ன்; இரண்டு உதைப்புகள் போய்விடும். அவள் 25 மீட்டரிலும் 50 மீட்டரிலும் அடுத்தடுத்த வாரங்களில் நீந்திய நேரங்களின் வித்தியாசத்தைக் கண்டு, அதை மேலே கிடைத்த விடையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.