தளத்தில் நாட்டை மாற்றினால் டிக்கெட் விலை ஏன் மாறுகிறது? – கேள்வி பதில்

பல வருடங்கள் டிக்கெட் போடும் மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் நான். விமான நிறுவனத்தின் தளத்தில் வேறு நாட்டைத் தேர்ந்தெடுத்து வாங்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஜன்னலோரம்: அதே விமானம், அதே தேதி. தளத்தின் மேல் மூலையில் நாட்டை மட்டும் மாற்றினேன், விலை இறங்கியது. எப்படி?

நீங்கள் தேர்ந்தெடுத்த நாட்டில் அந்த டிக்கெட் விற்கப்பட்டதாக நிறுவனத்தின் கணினி எடுத்துக்கொள்கிறது. நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது அதற்கு முக்கியம் இல்லை. விற்பனை நாடு என்பது இதுதான்.

அதனால் விலை மாறுவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. அடிக்கடி நடப்பது வெறும் நாணய மாற்று. சர்வதேசக் கட்டணம் பொதுவாகப் பயணம் தொடங்கும் நாட்டுக்கு உரிய நாணயத்தில் பதிவாகியிருக்கும்; சில நாடுகளுக்கு அது டாலராகவோ யூரோவாகவோ இருக்கும். மற்ற நாட்டுத் தளங்கள் அதே தொகையைத் தங்கள் நாணயத்துக்கு மாற்றி, முழு எண்ணாக்கிக் காட்டுகின்றன. இதில் கிடைக்கும் வித்தியாசம் சின்னது, பெரும்பாலும் கார்டு கட்டணமே அதை விழுங்கிவிடும்.

இரண்டாவது, ஒரு நாட்டில் மட்டும் விற்க வேண்டும் என்று விதியோடு போடப்பட்ட கட்டணம். வித்தியாசம் பெரிதாக இருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

மூன்றாவது, கூடுதல் கட்டணம். ஜப்பானிய நிறுவனங்களான ஏஎன்ஏவும் ஜேஏஎல்லும் எரிபொருள் கட்டணத்தை, ஜப்பானில் வாங்கிய டிக்கெட்டுக்கு ஒன்று, வெளிநாட்டில் வாங்கியதற்கு வேறொன்று என்று தனித்தனியாக அறிவிக்கின்றன. பறக்கும் நாள் கணக்கில்லை. டிக்கெட் போட்ட நாளும் நாடும்தான் கணக்கு. அடிப்படைக் கட்டணம் ஒன்றாகவே இருந்தும் மொத்தம் மாறுவதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

இரவுப்பறவை: இதற்கு விபிஎன் போதும். குக்கீயை அழித்துவிட்டு வேறு நாட்டு விபிஎன்னில் போனால் விலை தானாகக் குறையும், நான் செய்திருக்கிறேன்.

பாதி சரி. விபிஎன் போட்டதும் தளம் உங்களை அந்த நாட்டுப் பக்கத்துக்கு அனுப்பியிருக்கும், அதனால்தான் விலை மாறியிருக்கும். பெரும்பாலான தளங்களில் கீழேயோ மேலேயோ நாட்டைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறது. அதைக் கையால் மாற்றினாலே அதே விலை வரும், விபிஎன் தேவைப்படாது. உங்கள் இணைய முகவரியைப் பார்த்துவிட்டு அந்தத் தேர்வையே தர மறுக்கும் சில தளங்களில் மட்டும் அது உதவும்.

குக்கீ விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டாவது முறை தேடும்போது விலை ஏறியிருந்தால், பெரும்பாலும் மலிவு வகுப்பில், அதாவது அதே விமானத்தில் குறைந்த விலைக்கென்று ஒதுக்கிய சீட்டுகளில், மீதமிருந்தவை இடையில் போயிருக்கும். இன்னொன்று, பணம் கட்டும்போது விபிஎன் ஒரு நாட்டையும் கார்டு இன்னொரு நாட்டையும் காட்டினால் மோசடித் தடுப்பு உங்களை நிறுத்திவிடும். அந்தக் கட்டத்தில் விபிஎன்னை அணைத்துவிடுங்கள்.

மூட்டைமுடிச்சு: சிலிக்குப் போகிறேன். சாண்டியாகோவிலிருந்து புன்டா அரேனாஸ். அமெரிக்கத் தளத்தில் 112 டாலர், சிலித் தளத்தில் 84,000 பேசோ. வாங்கிவிடலாமா?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உங்கள் வங்கி ஒரு டாலருக்கு 940 பேசோ என்று கணக்கிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 84,000 பேசோ ஏறத்தாழ 89.4 டாலர். வெளிநாட்டு நாணயப் பரிவர்த்தனைக்குக் கார்டு 3 சதவீதம் எடுத்தால் மொத்தம் 92 டாலர். 20 டாலர் மிச்சம். இந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டு வாங்கிவிடுகிறார்கள்.

வாங்குவதற்கு முன்னால் இரண்டு பக்கங்களிலும் கட்டணத்தின் பெயரையும் அதில் என்னென்ன அடங்கும் என்பதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு நாட்டுத் தளத்தில் முதலில் காட்டும் மலிவுக் கட்டணத்தில் கைப்பெட்டிகூட அடங்காமல் இருக்கலாம், இன்னொரு நாட்டுத் தளம் கைப்பெட்டி சேர்ந்த கட்டணத்திலிருந்தே பட்டியலைத் தொடங்கலாம். உங்களுக்கும் அப்படித்தான் என்று வைப்போம். சிலித் தளத்தில் கைப்பெட்டி சேர்ந்த கட்டணம் 98,000 பேசோ என்றால் அது 104.3 டாலர், 3 சதவீதத்தோடு 107.4. இப்போது மிச்சம் 20 இல்லை, 5 டாலருக்கும் கீழே. அதை மிச்சப்படுத்தக் கார்டு நிராகரிப்பு, ஸ்பானிய மொழி வாடிக்கையாளர் சேவை என்று தலைவலியை வாங்கிக்கொள்ள வேண்டுமா என்பது உங்கள் முடிவு. பெட்டியே இல்லாமல் போகிறீர்கள் என்றால் 20 டாலர் உண்மையான மிச்சம்தான், தாராளமாக வாங்குங்கள்.

இன்னொரு விஷயம். உள்நாட்டுப் பயணங்களில்தான் இந்த வித்தியாசம் அதிகம் தென்படும். உள்ளூர் மக்கள் பேருந்தையும் விமானத்தையும் ஒப்பிட்டு வாங்குவார்கள், வெளிநாட்டுப் பயணிக்கு அந்த வழி தெரியாது. நிறுவனமும் அதற்கு ஏற்ப விலை வைக்கிறது.

கவுன்டர்க்காரன்: நானும் ஏஜென்ட்தான். கட்டணத்தில் விற்பனை நாட்டு விதி எதுவும் இல்லை, கட்டணமும் ஒன்றே. ஆனாலும் ஒரு நாட்டில் மலிவு வகுப்பு கிடைக்கிறது, இன்னொரு நாட்டில் 'முடிந்தது' என்கிறது. இதையும் சொல்லுங்கள்.

நல்லவேளை, நான் விட்டதை எடுத்துக்கொடுத்தீர்கள். கட்டணம் வேறு, அந்தக் கட்டணத்துக்கான சீட்டு திறந்திருப்பது வேறு. பெரிய நிறுவனங்கள் சீட்டு வகுப்புகளைத் திறந்து மூடும்போது விற்பனை நாட்டையும் பார்க்கின்றன. ஒரு சந்தையில் அந்த வழித்தடத்துக்கு ஆள் குறைவாக இருந்தால் அங்கே மட்டும் மலிவு வகுப்பைத் திறந்து வைப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதன் காரணம் தெரியாது, நாளைக்கே மாறியும் விடும். கட்டண விதி மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். இது மணிக்கணக்கில் மாறும். அதனால் ஒருமுறை மலிவாகக் கிடைத்த நாட்டில் எப்போதும் மலிவு என்று குறித்து வைக்காதீர்கள்.

வெயில்நதி: எனக்குத் தெரிந்தவர் பக்கத்து நாட்டிலிருந்து கிளம்பி பாதி விலையில் போனார். நானும் தளத்தை அந்த நாட்டுக்கு மாற்றினேன், குறையவே இல்லையே?

நீங்கள் மாற்றியது விற்கும் நாட்டை. அவர் மாற்றியது கிளம்பும் நாட்டை. விலையை அதிகம் அசைப்பது இரண்டாவதுதான், ஏனென்றால் ஒவ்வொரு கிளம்பும் ஊருக்கும் தனிக் கட்டணம் பதிவாகிறது. அதைப் பெற நீங்கள் உண்மையாகவே அங்கே போய் விமானம் ஏற வேண்டும். முதல் பகுதியை விட்டுவிட்டு நடுவில் ஏறலாம் என்று நினைத்தால், மிச்சப் பகுதிகள் எல்லாம் ரத்தாகிவிடும்.

பனைமரம்: வெளிநாட்டுத் தளம் என்றால் எப்படியும் மலிவுதானே?

இல்லை, அதிகமாகவும் ஆகலாம். அர்ஜென்டினாவில் 2019 கடைசியிலிருந்து 2024 கடைசி வரை 'பைஸ்' வரி இருந்தது. அங்கே வாங்கும் சர்வதேச டிக்கெட்டுக்கு 30 சதவீதம் கூடுதல். அந்த நாட்களில் தளத்தை அர்ஜென்டினாவுக்கு மாற்றிப் பார்த்தவருக்கு, முதல் பக்கத்தில் மலிவு, கடைசிப் பக்கத்தில் அதிர்ச்சி. அதனால் எப்போதும் பணம் கட்டும் பக்கம் வரை போய், அங்கே வரும் மொத்தத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

ஆறாம்வரிசை: பிரேசில் தளத்தில் எல்லாம் நிரப்பிவிட்டேன், CPF எண் கேட்கிறது. என்ன போடுவது?

அது அந்த நாட்டின் வரி அடையாள எண். இல்லாவிட்டால் யாருடைய எண்ணையும், இணையத்தில் கிடைத்த எண்ணையும் போடவே போடாதீர்கள். பயணி வெளிநாட்டவர் என்று குறித்து பாஸ்போர்ட் எண் தரும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். பயணி விவரத்தில் அது ஏற்கப்பட்டு, கார்டு உரிமையாளர் விவரத்தில் மறுபடி கேட்டால் அந்தத் தளத்தை விட்டுவிடுவதே நல்லது. கார்டின் முகவரியில் உங்கள் நாடே பட்டியலில் இல்லை என்றாலும் அதே பதில்தான்.

செங்காந்தள்: வாங்கிய பிறகு ரத்து செய்ய வேண்டி வந்தால்?

இதில் நானே பட்டிருக்கிறேன். ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், அவர்களே விமானத்தை ரத்து செய்து முழுத் தொகையையும் திருப்பினார்கள். அவர்கள் நாட்டு நாணயத்தில் ஒரு பைசா குறையவில்லை. ஆனால் இடைப்பட்ட இரண்டு மாதத்தில் அந்த நாணயம் இறங்கியிருந்தது. வாங்கும்போது வங்கி எடுத்த மாற்றுக் கட்டணமும் திரும்பவில்லை. என் கணக்கில் வந்தது நான் கட்டியதைவிடக் கணிசமாகக் குறைவு. எங்கள் ஊர் அலுவலகத்தில் கேட்டபோது, டிக்கெட் போட்ட நாட்டு அலுவலகத்தில் பேசுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே யாரையாவது பிடிக்க நான்கு இரவுகள் விழித்திருந்தேன். அதற்குப் பிறகு, தேதி மாற வாய்ப்புள்ள பயணத்துக்கு நான் இந்த வழியைத் தொடுவதில்லை.

ஜன்னலோரம்: இப்படி வாங்குவது தப்பில்லையா? டிக்கெட்டை ரத்து செய்துவிட மாட்டார்களா?

தளம் உங்கள் கார்டையும் முகவரியையும் அப்படியே ஏற்று விற்றால் அது சாதாரண விற்பனை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2008ஆம் ஆண்டின் 1008 எண் விதிமுறை, வாடிக்கையாளரின் குடியுரிமையையோ வசிக்கும் இடத்தையோ வைத்துக் கட்டணத்தில் பாகுபாடு காட்டக்கூடாது என்றே சொல்கிறது. ஆனால் எல்லா நாட்டிலும் அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை.

குடியிருப்பவர்களுக்கான சலுகை மட்டும் வேறு கதை. ஸ்பெயினில் பலேரிக், கேனரி தீவுவாசிகளுக்கு 75 சதவீதத் தள்ளுபடி உண்டு. அதற்கு அங்கே வசிப்பவர் என்று நிரூபிக்க வேண்டும். பொய்யாக அந்தப் பெட்டியில் டிக் போட்டால், விமானம் ஏறும் இடத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

கவுன்டர்க்காரன்: விதி இருக்கிறதா என்று பொதுமக்கள் பார்க்க வழி உண்டா?

உண்டு. `matrix.itasoftware.com` தளத்தில் தேடும்போது `Sales City`, `Currency` என்ற இடங்கள் இருக்கும். பயணத்தை மாற்றாமல் விற்பனை ஊரை மட்டும் மாற்றித் தேடுங்கள். நாணயத்தை இரண்டு முறையும் ஒன்றாகவே வையுங்கள், இல்லாவிட்டால் எதனால் மாறியது என்று தெரியாது. வித்தியாசம் வந்தால் கட்டண விதியைத் திறந்து `SALES RESTRICTIONS` பகுதியைப் படியுங்கள். எந்த நாட்டில் மட்டும் விற்கலாம் என்று அங்கே எழுதியிருந்தால் அது முறையான நாட்டுக் கட்டணம். அங்கே ஒன்றும் இல்லை என்றால் வரி, கூடுதல் கட்டண வரிசைகளைப் பாருங்கள். அவையும் ஒன்றாக இருந்தால் கட்டணக் குறியீட்டை, அதாவது அந்தக் கட்டணத்துக்கு எழுத்தும் எண்ணுமாக வைத்திருக்கும் பெயரை, பாருங்கள். அது வேறாக இருந்தால் நீங்கள் சொன்ன சீட்டு வகுப்பு விஷயமாக இருக்கலாம்.

மலிவு விமான நிறுவனங்கள் பல இதில் வராது. அவற்றின் தளத்தில் பணம் கட்டும்போது உங்கள் நாணயத்துக்கு மாற்றித் தருகிறோம் என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த மாற்று விகிதத்தில் அவர்களுடைய லாபமும் சேர்ந்திருக்கும், பெரும்பாலும் வங்கி எடுப்பதைவிட அதிகமாக.