முன்பு ஒரு குவார்ட்டரில் ஏறிய போதை இப்போது ஆஃப் குடித்தாலும் ஏறவில்லை. என் உடம்பு குடியைத் தாங்கும் வலுவைப் பெற்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ள முடியாது. மதுரையில் இருபது ஆண்டுகளாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன் என்பதோடு, இதே பெருமையைப் பேசிய ஒருவரைக் கட்டிலோடு பிடித்துக்கொண்டு நின்றவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

அவர் என் பெரியப்பா மகன். திருமங்கலம் பக்கத்திலிருந்து மாட்டுத்தாவணி காய்கறிச் சந்தைக்கு லோடு வேன் ஓட்டியவர். இரவு எட்டு மணிக்குத் தொடங்கி ஓர் ஆஃப் குடித்துவிட்டு, விடியற்காலை நான்கு மணிக்கு வண்டியை எடுத்துவிடுவார். "நான் தள்ளாடி நீ பார்த்திருக்கிறாயா தம்பி?" என்று கேட்பார். உண்மையில் யாருமே பார்த்ததில்லை.

அவருடைய ஓர் இரவைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 375 மில்லி பிராந்தியில், 42.8 சதவீதம் என்று புட்டியிலேயே அச்சிட்டிருக்கும் அளவின்படி, ஏறத்தாழ 126 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. எப்போதாவது குடிப்பவரின் கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரை எரிக்கும். நாள்தோறும் குடிப்பவருக்கு அந்த வேகம் சற்றுக் கூடும். தாராளமாக மணிக்கு 12 கிராம் என்று வைத்தாலும், எட்டு மணி நேரத்தில் 96 கிராம்தான் போயிருக்கும். மீதி 30 கிராம், 65 கிலோ எடையுள்ள ஒரு மனிதரின் ரத்தத்தில் 100 மில்லிக்கு 65 மில்லிகிராம் அளவில் நிற்கும். வண்டி ஓட்டுவதற்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 30 மில்லிகிராம். அதாவது, நிதானமாகப் பேசிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்த அந்த நான்கு மணிக்கு, அண்ணன் எல்லையைப்போல் இரு மடங்கு மதுவோடு இருந்தார். ஆளுக்கு ஆள் மாறும் உத்தேசக் கணக்குதான் இது. ஆனால் அவருக்குக் குறைந்திருந்தது போதையின் உணர்வே தவிர, ரத்தத்தில் இருந்த மது அல்ல என்பதை இது காட்டிவிடும்.

அந்த உணர்வு ஏன் மங்குகிறது என்பதைச் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தை வைத்துச் சொல்லலாம். தலைக்கு மேலே குழாய் ஒலிபெருக்கி அலறும்போது, பக்கத்தில் இருப்பவரிடம் பேசவும் நாம் கத்துகிறோம். சிறிது நேரத்தில் கத்துகிறோம் என்பதே தெரியாமல் போய்விடும். மூளையில் காபா என்ற வேதிப்பொருள் நரம்புகளை அடக்குகிறது, குளுட்டமேட் தூண்டுகிறது. மது முன்னதன் வேலையைக் கூட்டிப் பின்னதன் வேலையைக் குறைப்பதால் மூளை மந்தமாகிறது. அந்த மந்தத்தைத்தான் போதை என்கிறோம். இது தினமும் நடந்தால், மூளை தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்வதற்காக எதிர்த்திசையில் தன்னைத் திருத்திக்கொள்கிறது: காபாவுக்குச் செவிசாய்ப்பதைக் குறைத்து, குளுட்டமேட்டின் ஏற்பிகளை அதிகமாக்குகிறது. அதன்பின் பழைய அளவு எடுபடாது. நீங்கள் அளவைக் கூட்டுகிறீர்கள்; மூளையும் தன் கத்தலைக் கூட்டுகிறது.

திருவிழாவில் மின்சாரம் போய் ஒலிபெருக்கி சட்டென்று நின்றால், ஒரு நொடி அத்தனை பேரின் கத்தலும் அப்பட்டமாகக் கேட்கும். மதுவின் அளவு ரத்தத்தில் இறங்கும்போது மூளையில் நடப்பதும் அதுதான். ஆகவே, தாங்கும் திறன் கூடியிருக்கிறதா என்பதை இரவில் பார்க்காதீர்கள், காலையில் பாருங்கள். அண்ணன் டீக்கடையில் "முக்கால் கிளாஸ் போதும்" என்றுதான் கேட்பார். ருசிக்காக அப்படிக் கேட்கிறார் என்று நினைத்திருந்தோம். முழு கிளாஸ் என்றால் கை நடுங்கிச் சிந்திவிடும் என்பதற்காகக் கேட்டிருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வண்டி பள்ளத்தில் இறங்கி, அவருடைய கால் எலும்பு முறிந்தது. சேர்த்த மருத்துவமனையில் குடிப்பழக்கம் பற்றிக் கேட்டபோது "எப்போதாவது" என்று சொல்லிவிட்டார். மதியம் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கின. வலியினால் என்று எல்லோரும் எண்ணினோம். திங்கள் இரவு, கடைசியாகக் குடித்து ஏறக்குறைய 48 மணி நேரம் ஆன நிலையில், போர்வை முழுக்க எறும்பு ஊர்கிறது என்று தட்டிவிட ஆரம்பித்தார். குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கிக்கொண்டு, சந்தையில் மூட்டை இறக்கும் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மருத்துவர் மறுபடி கேட்டபோது மதினி சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: "குடிப்பார் சார், ஆனால் அவருக்குப் போதையே ஆகாது." அந்த ஒரு வாக்கியத்திலேயே மருத்துவருக்கு நோய் விளங்கிவிட்டது. மதுவை நிறுத்தியதால் வரும் 'டெலிரியம் டிரெமென்ஸ்' என்ற அந்தக் குழப்பநிலை, கவனிக்காமல் விட்டால் உயிரையே எடுக்கக்கூடியது. லோரசெபாம் ஊசியும் தயமின் ஊசியும் போட்டு, ஐந்து நாள் கழித்துத்தான் அவர் எங்களைச் சரியாக அடையாளம் கண்டார்.

மூளை பழகிக்கொள்வதைப்போல மற்ற உறுப்புகள் பழகிக்கொள்வதில்லை. கல்லீரலுக்கு உங்கள் நிதானத்தைப் பற்றிய அக்கறை இல்லை. ஆஃப் உள்ளே போனால் அந்த 126 கிராமில் பெரும்பகுதி அதன் வழியாகத்தான் போக வேண்டும். மூச்சை நடத்தும் மூளைப் பகுதியும் போதை உணர்வு மங்கும் அளவுக்குப் பழகுவதில்லை என்பதால், போதைக்குத் தேவைப்படும் அளவு ஏற ஏற, அதற்கும் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் உள்ள இடைவெளி சுருங்கிக்கொண்டே வருகிறது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ஆண்டுக்கணக்கில் குடித்தவருக்குத் திடீரென்று ஒரு கட்டிங்கிலேயே தலை சுற்றத் தொடங்கினால், உடம்பு தேறிவிட்டது என்று மகிழ வேண்டாம். கல்லீரல் மதுவை எரிக்கும் திறனை இழந்து வருவதன் அடையாளமாக அது இருக்கக்கூடும்.

உங்கள் நிலைக்கு வருகிறேன். காலையில் கை நடுக்கம், வியர்வை, குமட்டல் இருந்து, கொஞ்சம் குடித்ததும் அவை அடங்குகின்றன என்றால், நாளை முதல் தொடுவதில்லை என்று வீராப்பாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். ராஜாஜி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ, உங்களுக்கு அருகிலுள்ள மனநல மருத்துவரிடமோ சென்று, எத்தனை மில்லி, எத்தனை ஆண்டுகள், கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு என்று உள்ளபடி சொல்லுங்கள். மாத்திரையின் அளவை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். கல்லீரல் பரிசோதனை முடிவு சரியாக இருக்கிறது என்பதை நற்சான்றிதழாகக் காட்டவும் வேண்டாம். நன்றாகக் குடிக்கிற பலருக்கும் அது சரியாக வந்த தாள்களை நானே கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன்.

நிறுத்திய பிறகு, மதுவைத் தாங்கப் பழகியிருந்த நிலையை மூளை மெல்ல மெல்லக் கைவிட்டுவிடும். பழைய அளவுக்குத் திரும்புவது ஆபத்தாவது அதனால்தான். அண்ணன் ஏழு மாதம் குடிக்காமல் இருந்தார். பிறகு உசிலம்பட்டியில் ஒரு காதுகுத்து வீட்டில், ஒரு குவார்ட்டர்தானே என்று எடுத்தவர், பந்தலுக்குப் பின்னால் எழ முடியாமல் வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தார். வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கிவிடாமல் இருக்க, அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து இரவு முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் அவர் முதலில் கேட்டது, "குவார்ட்டர் என்றால் இவ்வளவா தம்பி?" என்பதுதான்.