ஒயர் உரசும் சத்தம்: இயர்போன் கேள்வி பதில்

பல ஆண்டுகளாக வார இறுதிகளில் இயர்போன்களைப் பிரித்துச் சீர்செய்து வருகிறேன். ஒயர் வைத்த, காதுக்குள் செருகிக்கொள்ளும் இயர்போன்களில் கேட்கும் உரசல் சத்தத்தையும் தட்டல் சத்தத்தையும் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஈசூன், அலுவலக ஊழியர்: அண்ணா, ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் காதுக்குள் ‘டொக் டொக்’ என்கிறது. அலுவலக அட்டை கழுத்தில் தொங்கும், போன் கைப்பையில் இருக்கும். இயர்போன் கெட்டுவிட்டதா?

கெடவில்லை என்றுதான் நினைக்கிறேன், ஆனால் நீங்களே சோதித்து உறுதிசெய்துகொள்ளலாம். பிளக்கைப் போனிலிருந்து கழற்றிவிட்டு, இயர்போன் காதில் இருக்கும்படியே, ஒயரை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். அப்போதும் சத்தம் கேட்டால் அதற்கும் மின்சாரத்துக்கும் தொடர்பில்லை. சிறுவயதில் இரண்டு தீப்பெட்டிகளுக்கு நடுவே நூல் கட்டிப் பேசியிருப்பீர்கள். நூல் விறைப்பாக இருந்தால் பேச்சு கேட்கும், தளர்ந்தால் கேட்காது, நடுவில் யாராவது விரலால் பிடித்துவிட்டால் நின்றுபோகும். உங்கள் ஒயரும் அந்த நூல்தான். அது எங்கே உரசினாலும் அதிர்வு மேலே ஏறி இயர்போனின் உடலைத் தட்டுகிறது. ரப்பர் முனை காதுத் துளையை அடைத்திருப்பதால் அந்தத் தட்டல் வெளியேற வழியின்றிப் பெரிதாகக் கேட்கிறது. காதை அடைக்காத பழைய தட்டை இயர்போன்களில் இந்தத் தொல்லை மிகக் குறைவாக இருந்ததற்கும் இதுவே காரணம்.

அடுத்து, சத்தம் எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடியுங்கள். இடது கை விரல்களால் இரண்டு ஒயர்களையும் கழுத்தெலும்பின் உயரத்தில் பிடித்துக்கொண்டு, வலது கையால் அதற்குக் கீழே உள்ள பகுதியைச் சட்டையில் தேய்த்துப் பாருங்கள். சத்தம் அடங்கிவிட்டால் தொல்லை கீழேயிருந்து வருகிறது, உங்கள் விரல்கள் செய்த வேலையை ஒரு கிளிப் செய்துவிடும். அப்படிப் பிடித்துக்கொண்டு நடக்கும்போதும் தட்டல் தொடர்ந்தால் அது பிடித்த இடத்துக்கு மேலே, சட்டைக் காலரிலோ தோடு படும் இடத்திலோ பிறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டு இடங்களைச் சந்தேகிக்கிறேன். ஒன்று, இரண்டு ஒயர்களும் சேரும் கணு, அட்டைப் பட்டியின் பிளாஸ்டிக் கொக்கியில் அடிக்கடி மோதுவது. மற்றொன்று, கைப்பை ஆடும்போதெல்லாம் ஒயர் இழுபட்டு விறைப்பது. பட்டியை ஒயருக்கு வெளியே, ஒரு பக்கமாகத் தள்ளிப் போடுங்கள். போனைக் கைப்பையிலிருந்து உடையின் பைக்கு மாற்றுங்கள். கணுவுக்குச் சற்றுக் கீழே ஒயரைக் கிளிப்பில் கோத்து, சட்டையின் பொத்தான் பட்டையில் மாட்டுங்கள். மாட்டிய பிறகு தலையை இரு தோள்கள் பக்கமும் திருப்புங்கள், பிறகு கூரையைப் பாருங்கள். எந்த நிலையிலும் ஒயர் இயர்போனை இழுக்கக் கூடாது, அந்த அளவுக்குத் தளர்வு இருந்தால் போதும். அதற்கு மேல் விட்டால் தளர்ந்து தொங்கும் ஒயரே ஆடிச் சட்டையில் அடிக்கத் தொடங்கும்.

எல்லாருக்கும் ஓர் எச்சரிக்கை: கிளிப்பின் பல் துணியைத்தான் கடிக்க வேண்டும், ஒயரைக் கடிக்கக் கூடாது. உள்ளே இருக்கும் செம்புக் கம்பிகள் தலைமுடியைப் போல் மெல்லியவை. என்னிடம் பழுதுபார்க்க வந்த ஒயர்களில் சில, பல் பதிந்த அதே இடத்தில்தான் அறுந்திருந்தன.

புக்கிட் பாத்தோக், ஓட்டக்காரர்: கிளிப் போட்டுத்தான் ஓடுகிறேன், ஆனாலும் சத்தம் நிற்கவில்லை. என்ன செய்வது?

ஓட்டத்துக்கான மெல்லிய பனியனில் கிளிப்பை மாட்டினால் துணியோடு சேர்ந்து கிளிப்பும் குதிக்கும். பனியனின் கழுத்து மடிப்புத் தையலில், முடிந்தால் பின்கழுத்துப் பக்கம் மாட்டி, ஒயரை முதுகுப் புறமாக உடைக்குள் விட்டுப் பாருங்கள்.

ஆனால் உங்களுக்குக் கிளிப்பைவிடப் பெரிய தீர்வு, ஒயரைக் காதுமடலின் மேல் சுற்றிப் போட்டுக்கொள்வதுதான். அப்போது ஒயர் நேராகத் தொங்காமல் மடலின் தோலில் படிந்து வளைந்து போகிறது. மேலே ஏறிவரும் அதிர்வில் பெரும்பகுதியைத் தோலும் குருத்தெலும்பும் அங்கேயே வாங்கிக்கொள்கின்றன. அதனுடன் இரண்டு ஒயர்களையும் சேர்த்துப் பிடிக்கும் நகரும் மணி இருந்தால் அதைத் தாடைக்குக் கீழே வரை ஏற்றிவிடுங்கள், ஆடுவதற்கு இடமே இருக்காது. நேராகத் தொங்கும்படி செய்யப்பட்ட இயர்போனாக இருந்தால் இடதை வலக் காதிலும் வலதை இடக் காதிலும் மாற்றிச் செருகினால் பல சமயம் ஒயர் மேல்நோக்கி நிற்கும். இசையில் இடமும் வலமும் மாறிவிடும் என்பது உண்மைதான், ஓடும்போது அது பெரும்பாலோருக்கு உறுத்தாது. முனை சாய்வாக இருக்கும் சில வகைகள் மாற்றிப் போட்டால் காதில் நிற்கவே நிற்காது, அவற்றை வற்புறுத்தித் திணிக்காதீர்கள்.

சிம் லிம் ஸ்குவேர் பக்கம் அடிக்கடி போகும் ஒருவர்: கிளிப்பெல்லாம் தற்காலிகம். கவசமிட்ட வெள்ளி ஒயருக்கு மாறினேன், என் உரசல் சத்தம் போய்விட்டது. ஏன் அதைச் சொல்லவில்லை?

சத்தம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன், காரணத்தைத்தான் மறுக்கிறேன். கவசம் தடுப்பது வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலை. பிளக் கழற்றிய நிலையிலும் கேட்கும் சத்தத்தை அது எப்படித் தடுக்கும்? உங்கள் புதிய ஒயர் பழையதைவிட மெலிதாகவும் துவண்டும் இருந்திருக்கும், காதுமேல் சுற்றிப் போடும் வளைவும் அதில் இருந்திருக்கும். பலன் அங்கிருந்துதான் வந்திருக்கும்.

அதே நபர்: கவசம் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன், பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டேன். ஆனால் உறை முக்கியம்தானே? துணி பின்னிய ஒயர்தான் அமைதியானது.

ஜூரோங் ஈஸ்ட், மாணவர்: நேர்மாறாக அல்லவா இருக்கிறது! துணி உறை ஒயர்தான் சீருடைக் காலரில் ‘சரக் சரக்’ என்று தேய்கிறது.

நீங்கள் இருவரும் உங்கள் காதில் கேட்டதைத்தான் சொல்கிறீர்கள். துணி உறையின் மேற்பரப்பு சொரசொரப்பானது, ஆகவே விறைத்த காலரில் தேய்க்கும்போது சத்தம் கூடும். அதே உறை தளர்வாகப் பின்னப்பட்டிருந்தால் ஒயர் நன்றாகத் துவளும், அப்போது மோதும் சத்தம் குறையும். அதாவது உரசலுக்கு ஒரு விடை, தட்டலுக்கு வேறு விடை. வழவழப்பான ரப்பர் உறையும் வியர்த்த கழுத்தில் ஒட்டி ஒட்டி விடுபடும்போது தனியாக ஒரு சத்தம் தருகிறது. நான் இரண்டு வகையும் வைத்திருக்கிறேன், இதுதான் சிறந்தது என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. வாங்குவதற்கு முன் கடையிலேயே காதில் செருகி, உங்கள் சட்டைக் காலரில் நீங்களே தேய்த்துப் பாருங்கள். ஒரு கடையில் அப்படிச் செய்யாமல் வாங்கிய மாற்று ஒயர் கம்பியைப் போல் விறைத்திருந்தது, பழையதைவிட அதிகமாகத் தட்டியது.

ஒயரைக் கழற்றி மாற்றும் வசதி உங்கள் இயர்போனில் இருந்தால் மட்டுமே இந்தப் பேச்சு பயன்படும். இணைப்பு 0.78 மி.மீ. இரட்டை முள்ளா, எம்எம்சிஎக்ஸ் என்னும் வட்ட இணைப்பா என்று பார்த்துக்கொண்டு வாங்குங்கள், ஒன்று மற்றொன்றில் பொருந்தாது.

தேக்கா, ஓய்வுபெற்ற ஆசிரியை: தம்பி, இயர்போனில் பேசும்போது மகளுக்குக் கரகரவென்று கேட்கிறதாம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கிளிப் போட்டால் சரியாகுமா?

அம்மா, உங்கள் பிரச்சினை வேறு. ஒயரில் இருக்கும் சிறிய மைக் உங்கள் உடையில் உரசுகிறது, அது மகளுக்குத்தான் கேட்கும். மைக்குக்குக் கீழே கிளிப் போட்டு, மைக் துணியில் படாமல் நிற்கும்படி வைத்தால் சரியாகும். மைக்கையே கையில் பிடித்துக்கொண்டு பேச வேண்டாம், அதுவும் உரசல்தான்.

பெயரில்லாமல் வந்த கேள்வி: எந்தக் கிளிப் வாங்கலாம்?

சுழலும் வளையம் உள்ள சிறிய முதலைவாய்க் கிளிப் போதும், பல இயர்போன்களின் பெட்டியிலேயே அது கிடக்கும். இல்லையென்றால் காகிதம் பிடிக்கும் கறுப்புக் கிளிப்பில் மிகச் சிறியதை எடுத்து, அதன் கம்பிக் கைப்பிடிக்குள் ஒயரை விட்டு, வாயால் சட்டையைக் கடிக்க விடுங்கள். வாய் துணிக்கு, கைப்பிடி ஒயருக்கு. மாற்றிச் செய்யாதீர்கள்.

பொங்கோல், இளையர்: அண்ணா, நல்ல கிளிப் ஒன்று சொல்லுங்களேன்.

மேலே உள்ள பதிலைப் படியுங்கள், தம்பி. அதற்கும் முன்பு பிளக்கைக் கழற்றிச் சோதித்தீர்களா? அதைச் செய்யாதவருக்கு எந்தக் கிளிப்பைச் சொல்வதும் சரியாகாது.

செங்காங், இல்லத்தரசி: மடிக்கணினியைச் சார்ஜ் போட்டால் ‘ஊம்’ என்று இரைகிறது. இதற்கும் கிளிப்தானா?

இல்லை, அது மின் இரைச்சல். சார்ஜரைக் கழற்றியதும் நின்றுவிட்டால் மின்னிணைப்பு அறிந்தவரிடம் கேளுங்கள்.

தெம்பனிஸ், நூலகப் பணியாளர்: மூன்று வருடம் அமைதியாக இருந்த இயர்போன் இப்போது சத்தம் போடுகிறது. அதே சட்டை, அதே நடை. ஏன்?

ஒயர் விறைத்துப்போயிருக்கும். வியர்வையும் தோலின் எண்ணெயும் படிந்து படிந்து பிளாஸ்டிக் உறையின் மென்மை போய்விடுகிறது, நம் ஊர்ப் புழுக்கத்தில் கழுத்தில் படும் பகுதிதான் முதலில் கெட்டியாகும். அந்தப் பகுதியை விரலில் சுற்றிவிட்டு விடுங்கள். சுருள் அப்படியே நின்றால் கெட்டியாகிவிட்டது என்று பொருள். கெட்டியானதை மறுபடி மென்மையாக்க எனக்குத் தெரிந்த வழி எதுவுமில்லை, எண்ணெய் தடவுவது இன்னும் கெடுக்கும். அடுத்த ஒயரையாவது வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து வையுங்கள். இறுக்கிச் சுற்றாமல் தளர்வாகச் சுருட்டி வையுங்கள்.

ஈசூன், அலுவலக ஊழியர் (மறுபடியும்): அண்ணா, சொன்னபடி செய்தேன். பட்டியை நகர்த்தியதுமே பாதி போய்விட்டது, கிளிப்போடு உரசலும் நின்றது. ஆனால் மெல்லிய ‘தொம் தொம்’ மட்டும் ஒவ்வோர் அடிக்கும் கேட்கிறது. கிளிப்பை இன்னும் மேலே ஏற்றட்டுமா?

ஏற்ற வேண்டாம், தளர்வு போய்விடும். இயர்போனை எடுத்துவிட்டு இரண்டு காதுகளையும் விரலால் மெல்ல அடைத்துக்கொண்டு பத்து அடி நடந்து பாருங்கள். அதே ‘தொம்’ கேட்டால் அது ஒயரின் சத்தமல்ல. குதிகால் தரையில் படும் அதிர்வு எலும்பு வழியாக ஏறி, அடைபட்ட காதுக்குள் கேட்கிறது. எந்தக் கிளிப்பாலும் அதை நிறுத்த முடியாது. ரப்பர் முனையைச் சற்று ஆழமாக அமர வைத்தால் சிலருக்குக் குறைகிறது, நுரை முனை உதவுகிறது என்பார் சிலர், எனக்கு அதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வலிக்கும் அளவுக்கு உள்ளே தள்ளாதீர்கள். நடக்கும் நேரத்துக்கு மட்டும் காதை அடைக்காத இயர்போனைப் போட்டுக்கொண்டால் இந்தத் ‘தொம்’ இருக்காது, ரயிலுக்குள் ஏறியதும் இதை மாட்டிக்கொள்ளலாம்.