கடன் அட்டை வட்டி: 18 எப்படி 19.56 ஆகிறது?

கேள்வி: என் கடன் அட்டைக்கு மாதம் 1.5% வட்டி. அப்படியானால் ஆண்டுக்கு 18% தானே? நண்பர் ஒருவர் 19.56% என்கிறார். எது சரி?

இரண்டுமே சரிதான். 18 என்பது பன்னிரண்டால் பெருக்கிய பெயரளவு விகிதம். 19.56 என்பது, ஒவ்வொரு மாத வட்டியும் அசலோடு சேர்ந்து அடுத்த மாதம் அதற்கும் வட்டி விழுந்தால் ஆண்டு முடிவில் வரும் பயனுறு விகிதம்.

பட்டர்வொர்த்தில் கணக்கு எழுதும் வேலையில் இருக்கும் என்னிடம், சென்ற மாதம் மைத்துனர் 4,000 ரிங்கிட் பாக்கியுள்ள ஓர் அறிக்கையைக் கொண்டுவந்து இதையேதான் கேட்டார். முதல் மாத வட்டி 60 ரிங்கிட். அதைக் கட்டாமல் விட்டு, அது அசலில் சேர்ந்தால், இரண்டாம் மாதம் 4,060க்கு 60.90, மூன்றாம் மாதம் 61.81 என்று ஏறிக்கொண்டே போய், ஓராண்டில் மொத்த வட்டி 782.47 ரிங்கிட் ஆகும். வெறும் பெருக்கலில் வருவது 720தான். விரிதாளில் இதை இரண்டு விதமாகப் போடலாம்:

```
=(1+1.5%)^12-1
=EFFECT(18%,12)
```

இரண்டுக்கும் விடை 0.1956. EFFECT கேட்பது ஆண்டின் பெயரளவு விகிதத்தை. மாத விகிதத்தை அங்கே கொடுத்தால் 1.51% என்ற அபத்தமான விடை வரும். ஒருமுறை நானே அதைப் போட்டுவிட்டு, வங்கி இவ்வளவு மலிவா என்று வியந்திருக்கிறேன்.

மைத்துனர் உடனே ஒரு மறுப்புச் சொன்னார்: "நான் மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிடுகிறேனே, மச்சான். பிறகு வட்டிக்கு வட்டி எங்கிருந்து வரும்?" நியாயமான கேள்விதான். இங்கே வழக்கமான குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 விழுக்காடு, அதாவது அவருக்கு 200 ரிங்கிட். அதில் 60 ரிங்கிட் வட்டி தீர்ந்து, மீதி அசலைக் குறைக்கிறது. அவர் கணக்கில் வட்டி குட்டி போடுவதில்லை. ஆனாலும், ஆண்டு முடிவில் ஒரே தடவையாக வட்டி கேட்கும் கடனோடு ஒப்பிடும்போது 19.56தான் பொருந்தும், ஏனென்றால் முதல் 60 ரிங்கிட் பதினொரு மாதம் முன்னதாகவே அவர் கையை விட்டுப் போய்விடுகிறது. ஒருவர் 19 விழுக்காட்டில் ஆண்டிறுதி வட்டிக்குக் கடன் தந்தால், 18 என்று எழுதியிருக்கும் அட்டையைவிட அது மலிவு.

அட்டையில் மாத விகிதம் எழுதியிருந்தாலும் வட்டியை நாள் கணக்கில் போடுவதுண்டு. 4,000 ரிங்கிட் பாக்கி மாறாமல் இருந்தால், அறிக்கையைப் பார்த்தே அதைக் கண்டுபிடித்துவிடலாம்: எல்லா மாதமும் சரியாக 60 என்றால் மாதக் கணக்கு, 31 நாள் மாதத்தில் 61.15, 30 நாள் மாதத்தில் 59.18 என்றால் நாள் கணக்கு. அந்த நாள் வட்டியும் அன்றன்றே அசலில் சேர்ந்தால்தான் பயனுறு விகிதம் 19.72 ஆகும், மாதத்துக்கு ஒருமுறை சேர்ந்தால் ஏறத்தாழ அதே 19.56தான். மைத்துனரின் அறிக்கையில் இருந்தது 61.15.