தீபாவளித் துணி: தைக்கக் கொடுப்பதா, ரெடிமேடா?

கேள்வி: வீட்டில் ஐந்து பேர். மகனுக்கு 13 வயது, மகளுக்கு 9, கடைக்குட்டிப் பையனுக்கு 4. தீபாவளிக்கு எல்லாருக்கும் தைக்கக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்கிறார் மாமியார். கணவர் ரெடிமேட் போதும் என்கிறார். மகளுக்கு ரெடிமேட் பட்டுப்பாவாடை 1,600 ரூபாய்க்குக் கிடைக்கிறது, துணி எடுத்துத் தைத்தால் 2,600 ஆகும் என்கிறார்கள். எது லாபம்? எது நன்றாகப் பொருந்தும்?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே முடிவாக எடுக்க வேண்டாம் தோழி. ஒரு உடுப்பை வாங்கும் முன் அதை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். ரெடிமேடில் பெரும்பாலும் தையலை ஒட்டியே துணியை வெட்டி ஓவர்லாக் போட்டிருப்பார்கள், பிரித்து விட அரை அங்குலம்கூட இருக்காது. தையல்காரரிடம் கேட்டால் பக்கவாட்டில் ஒன்று, ஒன்றரை அங்குலம் உள்ளே விட்டுத் தைத்துக் கொடுப்பார். வளர்கிற பிள்ளைகள் உள்ள வீட்டில் தையல்கூலி கொடுப்பது முக்கியமாக அந்த உள்துணிக்காகத்தான். அது உதவுகிற உடுப்பைத் தையுங்கள், உதவாததை ரெடிமேடாக எடுங்கள்.

முதலில் மகளின் பட்டுப்பாவாடை. இதைத் தைக்கத்தான் சொல்வேன். 9 வயதில் பிள்ளைகள் வருடத்துக்குச் சுமார் இரண்டு, இரண்டரை அங்குலம் வளர்வார்கள், அதில் இடுப்புக்குக் கீழே ஒன்றரை அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம். பாவாடைத் துணியில் கரை நீளவாக்கில் ஓடுகிறது இல்லையா, அதனால் துணியின் அகலம்தான் பாவாடையின் உயரமாகிறது. துணி 44 அங்குல அகலம் இருந்து, பாப்பாவுக்கு 30 அங்குல உயரம் போதுமென்றால் மேலே மிஞ்சுவதைப் பல இடங்களில் வெட்டி எடுத்துவிடுவார்கள். வெட்ட வேண்டாம், கரைக்கு மேலே இரண்டு டக் மடிப்பு பிடித்து விடுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு அங்குல மடிப்பு இரண்டு அங்குலத் துணியை விழுங்கும், ஆக இரண்டு மடிப்பில் நான்கு அங்குலம் பத்திரமாக இருக்கும். இதற்காகக் கூடுதலாகத் துணி எடுக்க வேண்டியதில்லை. அடுத்த தீபாவளிக்கு ஒரு மடிப்பைப் பிரிக்கலாம், அதற்கடுத்த வருடம் இன்னொன்று. இடுப்புக்கு நாடா வைத்துவிட்டால் அங்கே பிரச்சினையே இல்லை. ஒன்று மட்டும் கவனம். பட்டில் மெஷின் ஊசி போன இடம் பிரித்த பிறகும் புள்ளி புள்ளியாகத் தெரியும், அதனால் அந்த மடிப்புகளைக் கையால் நீளத் தையலாக ஓட்டச் சொல்லுங்கள்.

முதலில் பத்தாமல் போவது பாவாடை இல்லை, மேல்சட்டைதான். மார்பும் தோளும் அகலமாகும்போது பக்கத்தில் விட்ட துணி மார்புக்கு உதவும், தோளுக்கு உதவாது. அதனால் துணி எடுக்கும்போதே சட்டைத் துணியில் ஒரு முக்கால் மீட்டர் கூடுதலாக வாங்கி எடுத்து வையுங்கள். இரண்டு வருடம் கழித்து அதே நிறம் தேடினால் கிடைக்காது.

சரி, காசுக்கு வருவோம். ரெடிமேட் பாவாடையை ஒரு அளவு பெரிதாக எடுத்தாலும் இரண்டு தீபாவளிதான் தாங்கும். மூன்று தீபாவளிக்கு இரண்டு வாங்க வேண்டும், 3,200 ரூபாய். தைத்தால் 2,600, இரண்டு முறை பிரித்து விட நூறு நூறு வைத்தால் 2,800. நடுவில் புதுச் சட்டை தைத்தால் அந்த 400 ரூபாய் மிச்சமும் அதோடு சரியாகப் போய்விடும். ஆக இதில் பெரிய லாபம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் வருடம் தரையில் இழுபடாமலும் கடைசி வருடம் கணுக்காலுக்கு மேலே ஏறாமலும் மூன்று வருடமும் பிள்ளைக்கு அளவாக நிற்கும், அதற்காகத் தைக்கலாம்.

நான்கு வயதுக்காரனுக்கு ரெடிமேட்தான், யோசிக்கவே வேண்டாம். அவன் விளையாடுகிற விளையாட்டில் சட்டை சின்னதாவதற்கு முன்னால் கிழிந்துவிடும். 22, 24 என்று போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள், ஒரு கம்பெனியின் 22 இன்னொன்றின் 24 போல இருக்கும். இப்போது அவனுக்குச் சரியாக இருக்கிற சட்டையைப் பையில் எடுத்துப்போய், கடை மேஜையில் புதுச் சட்டையின் மேல் விரித்து, அக்குளுக்கு அக்குள் வைத்துப் பாருங்கள். புதுசு ஒரு அங்குலம் அகலமாக இருந்தால் எடுத்துவிடலாம்.

மூத்தவன் விஷயத்தில் மாமியார் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். 13, 14 வயதில்தான் பல பையன்கள் கிடுகிடுவென்று வளர்கிறார்கள், ஒரே வருடத்தில் மூன்று அங்குலத்துக்கு மேல்கூட ஏறிவிடுவார்கள், கூடவே தோளும் விரியும். சட்டையில் எவ்வளவு துணியை உள்ளே விட்டாலும் தோள்பட்டையை அகலமாக்க முடியாது. அதனால் தீபாவளிச் சட்டை ரெடிமேட் போதும். பள்ளிக்கூட பேன்ட் மட்டும் தைக்கக் கொடுங்கள், கீழே மூன்று அங்குலம் மடித்து, பின்பக்க இடுப்பில் ஒன்றரை அங்குலம் விட்டு. அந்த மடிப்பைப் பிரிக்க வருடக் கடைசி வரை காத்திருக்காதீர்கள். அடர்நிறப் பேன்ட் துவைத்துத் துவைத்து வெளுத்தபின் பிரித்தால் பழைய மடிப்பு இருந்த இடம் கோடாகத் தெரியும்.

உங்கள் கணவருக்கு உடம்பு அளவு மாறுவதில்லை என்றால் அவர் சொல்வதே சரி. பேன்ட் நீளத்தை ஆல்ட்ரேஷன் கடையில் குறைத்துக்கொண்டால் முடிந்தது. தொப்பைக்குப் பொருந்துகிற சட்டை தோளில் தொங்குகிறது என்றால் மட்டும் தைக்கட்டும்.

உங்கள் ஜாக்கெட்டைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை! அதைத் தைத்துக்கொள்ளுங்கள். உடம்பு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் பிடித்துவிடவும் பிரித்துவிடவும் பக்கத்தில் இரண்டு மூன்று வரித் தையல் வேண்டும். பட்டு ஜாக்கெட் என்றால் லைனிங் துணியை முதலில் நனைத்துக் காயவைத்துக் கொடுங்கள். பருத்தி லைனிங் முதல் துவைப்பில் சுருங்கும், மேல்துணி அந்த அளவுக்குச் சுருங்காது, அப்புறம் ஜாக்கெட் முழுக்கச் சுருக்கம் சுருக்கமாக நிற்கும். அளவு ஜாக்கெட் கொடுக்கும்போது அதில் எந்த இடம் இறுக்குகிறது என்று வாயாலும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அந்தக் குறையும் சேர்ந்து புதிதில் வந்துவிடும்.

இனி நேரம். தீபாவளி நெருங்கினால் தையல்காரர்கள் புது ஆர்டர் எடுப்பதில்லை. ஆடித் தள்ளுபடியில் துணியை எடுத்து ஆவணியில் கொடுத்துவிட்டால் புரட்டாசிக்குள் கைக்கு வந்துவிடும். பையன்களுக்கான ரெடிமேடுக்கு அவசரமே இல்லை, வளர்கிற பிள்ளைக்கு இரண்டு மாதம் முன்னால் எடுத்து வைப்பது நல்லதும் இல்லை, கடைசிப் பத்து நாளில் எடுங்கள். கூட்டத்துக்குப் பயந்தால் வாரநாளில் காலையிலேயே போய்விடுங்கள். தைத்து வந்ததை அப்படியே பீரோவில் வைத்துவிடாமல் வாங்கிய அன்றே மகளுக்குப் போட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கச் சொல்லுங்கள். அக்குளில் பிடித்தால் மறுநாளே கொண்டுபோய்க் கொடுங்கள், ஐப்பசி பிறந்துவிட்டால் தையல்காரரால் திருத்தித் தர முடியாது.