120 ஹெர்ட்ஸ் வேறு, திரையின் துடிப்பு வேறு

கேள்வி: பழைய எல்.சி.டி. ஃபோனை மாற்றிவிட்டு 120 ஹெர்ட்ஸ் ஓ.எல்.இ.டி. ஃபோன் வாங்கலாமா? சார்ஜ் நிற்குமா? இரவில் படிக்கக் கண்ணுக்கு நல்லதா?

அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரு மணி நேரமாவது ஃபோனில் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. எல்.சி.டி. திரையில் பல வருடம் படித்தபோது வராத நெற்றிவலி, ஓ.எல்.இ.டி.க்கு மாறிய முதல் வாரத்திலேயே வந்தது. 120 ஹெர்ட்ஸ்தான் காரணம் என்று நினைத்து அதை 60க்குக் குறைத்துப் பார்த்தேன். வலி அப்படியே இருந்தது.

எல்.சி.டி.யில் பின்னாலிருக்கும் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கிறது. முன்னாலிருக்கும் திரவப் படிகங்கள் அந்த வெளிச்சத்தை மறைத்தும் விட்டும் படத்தைக் காட்டுகின்றன. வெளிச்சத்தைக் குறைக்கச் சொன்னால் பல ஃபோன்கள் அந்த விளக்குக்குப் போகும் மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். ஓ.எல்.இ.டி.யில் ஒவ்வொரு பிக்சலும் தானே எரிகிறது. மின்னோட்டத்தை மிகவும் குறைத்தால் பிக்சலுக்குப் பிக்சல் நிறம் மாறித் திட்டுத்திட்டாகத் தெரியும் என்பதால், குறைந்த வெளிச்சத்தில் பிக்சல்களை வேகமாக அணைத்து அணைத்து எரியவிட்டு, மொத்தத்தில் மங்கலாகத் தோன்றச் செய்கிறார்கள். இதைத்தான் பி.டபிள்யூ.எம். என்கிறார்கள். பல ஃபோன்களில் இந்தத் துடிப்பு நொடிக்கு 240 அல்லது 480 முறை நிகழ்கிறது. புதிய சிலவற்றில் 1920, 3840 வரை போகிறது. 120 ஹெர்ட்ஸ் என்று சொல்லப்படும் ரெஃப்ரெஷ் ரேட் என்பது படம் நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு மட்டுமே. ஆகவே அதைக் கூட்டினாலும் குறைத்தாலும் இந்தத் துடிப்பின் தொல்லை தீராது. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வருவதோ அந்தக் கணக்குதான்.

வெறும் கண்ணுக்குத் தெரியாத இந்தத் துடிப்பை இன்னொரு ஃபோனின் கேமராவில் பார்த்துவிடலாம். திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, வெளிச்சத்தைக் கால் பங்குக்கு இறக்கி, கேமராவை ப்ரோ மோடில் வைத்து, ஷட்டரை 1/2000 நொடியாக்கிப் படம் எடுத்தேன். என் ஓ.எல்.இ.டி. திரையின் குறுக்கே நான்கு தடித்த கறுப்புப் பட்டைகள் விழுந்தன, பழைய எல்.சி.டி.யில் ஒன்றுமில்லை. (எல்லா எல்.சி.டி.யும் அப்படி இருக்காது. பின்னொளியையே துடிக்கவிடும் ஃபோன்களும் உண்டு.) ஓ.எல்.இ.டி.யில் வெளிச்சத்தைப் பாதிக்கு மேல் ஏற்றியதும் பட்டைகள் மெலிந்து, வெளிறிப்போயின. பட்டைகள் நெருக்கமாக விழுந்தால் துடிப்பு வேகமானது என்றும், வெளிறியிருந்தால் பிக்சல் முழுதாக அணைவதில்லை என்றும் கொள்ளலாம். இரண்டுமே கண்ணுக்கு நல்லவை.

இப்போது நான் வெளிச்சத்தைப் பட்டை மெலியும் அளவில் வைத்துவிட்டு, ஆண்ட்ராய்டு 12இல் வந்த Extra dim வசதியால் மங்கலாக்கிக்கொள்கிறேன். அது துடிப்பைக் கூட்டாமல் பிக்சல்களின் நிற மதிப்பை மட்டும் குறைக்கிறது. அடர் சாம்பல் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன என்றாலும், எழுத்தைப் படிப்பதற்கு அது குறையாகத் தெரியவில்லை, நெற்றிவலியும் நின்றுவிட்டது. இந்தத் துடிப்பு பலரை எதுவுமே செய்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் வீட்டிலேயே அதே ஃபோனில் மணிக்கணக்கில் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

120 ஹெர்ட்ஸால் கண்ணுக்குப் பயனே இல்லை என்பதல்ல. ஒரு படம் 16.7 மில்லிநொடிக்குப் பதில் 8.3 மில்லிநொடியே நிற்பதால், பக்கத்தை ஓட்டும்போது எழுத்துகள் குறைவாகவே கலங்குகின்றன. அசையாத பக்கத்தில் அந்த வேறுபாடு கிடையாது.

சார்ஜ் விஷயத்தில் அந்த அசையாத பக்கம்தான் முக்கியம். பிக்சலுக்கான மின்னழுத்தத்தைப் பிடித்துவைக்கும் டிரான்சிஸ்டர் சாதாரண ஓ.எல்.இ.டி.யில் சற்றே கசியும். அதனால் படம் மாறாவிட்டாலும் அடிக்கடி புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. எல்.டி.பி.ஓ. வகைத் திரையில் கசிவு மிகக் குறைவு என்பதால், அது நொடிக்கு ஒரு முறை என்னும் அளவுக்குக்கூட இறங்கி மிச்சம்பிடிக்கிறது. டெவலப்பர் அமைப்புகளில் Show refresh rate என்பதை இயக்கினால் அந்த எண் திரையின் மூலையில் ஓடும். என் ஃபோனில் விரல் பட்டவுடன் 120 ஆகிறது, விட்ட சில நொடிகளில் 60 ஆகிறது, அதற்குக் கீழே இறங்குவதேயில்லை.

கறுப்புப் பின்னணி பேட்டரியைக் காக்கும் என்பது பாதி உண்மைதான். பர்டியூ பல்கலைக்கழகம் 2021இல் ஓ.எல்.இ.டி. ஃபோன்களில் அளந்தபோது, முழு வெளிச்சத்தில் சராசரியாக 39 முதல் 47 சதவீதம் மிச்சமானது. 30 முதல் 50 சதவீத வெளிச்சத்தில் மிச்சமானது 3 முதல் 9 சதவீதமே. இரவில் மங்கலாக வைத்துப் படிக்கும் உங்களுக்கும் எனக்கும் அந்த இரண்டாவது கணக்குதான் பொருந்தும்.

வாங்குவதற்கு முன் கடையிலேயே கேமராவில் பார்த்துவிடுங்கள். காட்சிக்கு வைத்த ஃபோன்கள் பெரும்பாலும் முழு வெளிச்சத்தில்தான் இருக்கும் என்பதால், கால் பங்குக்கு இறக்கிய பிறகு படம் எடுங்கள்.